மருத்துவமனையில் இருந்தபோது தவணை தவறியது: வங்கிக்கு என்ன எழுதுவது?

ஜூலை 3 முதல் 24 வரை மருத்துவமனையில் இருந்தேன். 5-ஆம் தேதி போக வேண்டிய தனிநபர் கடன் தவணை 12,400 ரூபாய் போகவில்லை, 28-இல் கட்டினேன். அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யக் கேட்டு எப்படி எழுதுவது ஐயா?

எழுதுவதற்கு முன் கடன் கணக்கு அறிக்கையை வாங்கிப் பாருங்கள். எல்லோரும் அபராத வட்டியைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 24 சதவீதம் என்று இருந்தால், 23 நாளுக்கு அது சுமார் 188 ரூபாய்தான். தவணை திரும்பி வந்ததற்கான கட்டணம்தான் கடிக்கும். ஒரு முறைக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். அதே மாதத்தில் வங்கி இரண்டாவது முறை அனுப்பி அதுவும் திரும்பியிருந்தால் 1,000. ஆகவே இரண்டையும் தனித்தனியாகத் தேதியோடு கேளுங்கள்:

"5.7 அன்றும் 15.7 அன்றும் தவணை திரும்பியதற்காக வசூலித்த 1,000 ரூபாயையும், அபராதக் கட்டணம் 188 ரூபாயையும் திருப்பி வரவு வைக்க வேண்டுகிறேன். 3.7 முதல் 24.7 வரை உள்நோயாளியாக இருந்தேன். தவணையை 28.7 அன்று செலுத்திவிட்டேன். இதற்கு முன் தவணை தவறியதில்லை."

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை இணையுங்கள்; சேர்ந்த தேதியும் வெளிவந்த தேதியும் அதில் தெரிந்தால் போதும், நோயை விவரித்துக் கண்ணீர் வடிக்க வேண்டாம். வழக்கமான வட்டியைத் தள்ளச் சொல்லாதீர்கள். அதைக் கேட்டால் மொத்த மனுவையும் ஓரமாக வைத்துவிடுவார்கள்.

உங்கள் சேமிப்புக் கணக்கு வேறு வங்கியில் இருந்தால், அதுவும் பணம் இல்லாததற்கென்று தன் பங்குக்கு ஒரு கட்டணம் பிடித்திருக்கும். அதற்கு அந்த வங்கிக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

ரிசர்வ் வங்கி அபராத வட்டியையே ஒழித்துவிட்டதே! பிறகு ஏன் கெஞ்ச வேண்டும்?

பாதி சரி. 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கை, அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, கட்டணமாகத்தான் வாங்கலாம், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது என்கிறது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறைக்கு வந்தது. கட்டணமே கூடாது என்று அதில் இல்லை. ஆனால் அறிக்கையில் அபராதத்தின் மேல் வட்டி ஏறியிருந்தால், அங்கே கெஞ்ச வேண்டாம். திருத்தச் சொல்லி எழுதுங்கள்.

எனக்குக் கிரெடிட் கார்டு. 20 நாள் தாமதம். இதே கடிதத்தை அனுப்பலாமா?

அந்தச் சுற்றறிக்கை கார்டுக்குப் பொருந்தாது, அதை மேற்கோள் காட்டாதீர்கள். கெடு தாண்டி மூன்று நாளுக்குள் கட்டியிருந்தால் தாமதக் கட்டணமே கூடாது என்று வாதாடலாம்; 20 நாளில் அது போய்விட்டது. தாமதக் கட்டணத்தை மட்டும் கேளுங்கள். வாங்கிய நாளிலிருந்து ஓடும் வட்டியையும் விடுவார்களா என்பது அவரவர் வங்கியைப் பொறுத்தது.

கிளை மேலாளர் வாயால் "பார்க்கலாம்" என்றார். ஒரு மாதம் ஆகிறது.

மின்னஞ்சலில் புகாராக அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தளம் cms.rbi.org.in. தவறாகப் பிடித்த பணத்துக்கு அங்கே வலு உண்டு. சலுகையாகக் கேட்டதை வங்கி மறுத்தால், அது வங்கியின் வணிக முடிவு என்று சொல்லித் தள்ளிவிடக்கூடும்.

சிபில் அறிக்கையில் தாமதம் ஏறிவிட்டதே, கட்டணத்தைத் தள்ளினால் அதுவும் போகுமா?

போகாது. 23 நாள் தாமதம் நடந்தது உண்மைதானே. நாள் கணக்கைத் தவறாக ஏற்றியிருந்தால் மட்டும் திருத்தக் கேளுங்கள்.