டிவி யூனிட்டுக்குள் சூடு, சுவருக்குள் வயர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

செட் டாப் பாக்ஸையும் ரவுட்டரையும் டிவி யூனிட்டுக்குள் வைத்துக் கதவு போட்டுவிட்டோம். ஒரு மணி நேரம் பார்த்தால் பாக்ஸ் தானாக அணைந்து மறுபடி வருகிறது. பாக்ஸை மாற்றியும் அப்படியேதான். பின்பலகையில் வயர் போக ஒரு ஓட்டை இருக்கிறதே, போதாதா? (திருச்சி)

போதாது. முதலில் இரண்டு நாள் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். பாக்ஸ் அணையவில்லை என்றால் காரணம் சூடுதான். ரிமோட்டில் அணைத்த பிறகும் பல பாக்ஸ்கள் உள்ளுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், தொட்டுப் பார்த்தால் தெரியும். அந்தச் சூடு பகல் முழுக்க பெட்டிக்குள் சேர்கிறது.

காற்று உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக வேறொரு வழியும் வேண்டும். சூடான காற்று மேலே ஏறும். அதனால் உள்வழி கீழே, வெளிவழி மேலே. யூனிட்டில் பாக்ஸ் இருக்கும் அறை 18 அங்குல அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்கு அடியில், அடிப்பலகையின் முன்பக்கமாக, ஒரு அங்குல உயரத்தில் 12 அங்குல நீளத்துக்குத் திறப்பு விடச் சொல்லுங்கள். பின்பலகையின் மேல் ஓரத்தில் அதே அளவோ, கொஞ்சம் பெரிதாகவோ இன்னொன்று.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். யூனிட்டைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் பின்பலகையில் எத்தனை ஓட்டை போட்டாலும் சுவர்தான் அவற்றை அடைத்து நிற்கும். சுவருக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒன்றரை அங்குலமாவது இடைவெளி விடுங்கள். யூனிட்டின் மேல்பலகையும் அந்த இடைவெளியை மூடிவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது, கதவை மூடிவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கீழ்த்திறப்புக்கு வெளியே ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை மெல்ல உள்ளே வளைந்தால் காற்று ஓடுகிறது. நேராக மேலே போனால் எங்கோ அடைத்திருக்கிறது.

கதகதப்பான இடம் கரப்பானுக்குப் பிடிக்கும், அதனால் திறப்புகளுக்கு வலை அடிக்கலாம். ஆனால் வலை பாதி வழியை மறைக்கும், தூசியும் பிடிக்கும். வலை போடுவதானால் திறப்பை இரட்டிப்பாக வைத்து, மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ரவுட்டரை மட்டும் வெளியே எடுத்து மேல்தட்டில் வைத்துவிடுங்கள். சிக்னலுக்கும் அதுதான் நல்லது.

புது வீடு, பூச்சு வேலைக்கு முன் இருக்கிறோம். 55 அங்குல டிவி. பைப் எங்கே போட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்கிறார். (மதுரை)

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சோபாவில் உட்கார்ந்தால் கண் ஏறத்தாழ 42 அங்குல உயரத்தில் இருக்கும், டிவியின் நடுவும் அங்கே வரட்டும். ஆனால் பிளக் பாயின்ட்டை நட்டநடுவில் வைக்காதீர்கள். அங்கே பிராக்கெட் வரும். நடுவிலிருந்து 10 அங்குலம் ஒரு பக்கமாகத் தள்ளி, பிளக் பாயின்ட்டின் பெட்டியைச் சுவருக்குள் நன்றாக இறக்கி வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்று முள் பிளக் துருத்திக்கொண்டு டிவியைச் சுவரை விட்டுத் தள்ளும்.

இரண்டு பைப் வேண்டும், கரண்ட்டுக்கு ஒன்று, எச்டிஎம்ஐ போன்ற கேபிள்களுக்கு ஒன்று. கரண்ட்டுக்கு வழக்கமான 20 அல்லது 25 மி.மீ. பைப் போதும். கேபிளுக்கும் அதையே போட்டால் பின்னால் வருந்துவீர்கள், எச்டிஎம்ஐ கேபிளின் முனையே கிட்டத்தட்ட 20 மி.மீ. அகலம். இரண்டு அங்குல பைப்பாகவே போடுங்கள். திருப்பத்தில் சட்டென ஒடியும் எல்போ வேண்டாம், நீளமாக வளையும் பெண்ட் போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரண்டு முனையிலும் கட்டி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து கேபிள் மாற்றும்போது அந்தக் கயிறுதான் கை கொடுக்கும். டிவியோடு வந்த பவர் கார்டை மட்டும் சுவருக்குள் புதைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கதவை மூடினால் ரிமோட் வேலை செய்யவில்லை. (கோவை)

மரக் கதவு அகச்சிவப்புக் கதிரை மறைக்கிறது. கதவின் அந்த ஒரு பகுதிக்குக் கண்ணாடி போடலாம். பிரம்புப் பின்னலும் ஓரளவு விடும், காற்றும் போகும். கதவை மாற்ற மனமில்லை என்றால் ஐஆர் எக்ஸ்டெண்டர் வாங்கி, அதன் சிறு கண்ணை வெளியே ஒட்டிவிடுங்கள்.

கேம் கன்சோல், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், பழைய ஆல்பங்கள் எல்லாமே உள்ளே போக வேண்டும். ஆழம் எவ்வளவு? (சேலம்)

16 அங்குலம். 12 வைத்தால் வயரின் வளைவுக்கு இடம் இருக்காது, முனை ஒடியும். விளையாட்டுச் சாமானுக்குக் கீழே டிராயர், ஆல்பத்துக்கு ஓரத்தில் கதவு போட்ட அறை. கன்சோலுக்குக் கதவே வேண்டாம். பாக்ஸைப் போல் பல மடங்கு சூட்டை அது தள்ளும், சுற்றிலும் நாலு அங்குலம் வெற்றிடம் விட்டுத் திறந்த தட்டில் வையுங்கள்.

வாடகை வீடு, சுவரை வெட்ட முடியாது. (சென்னை)

யூனிட்டின் பின்னிருந்து மேலே எழும் ஒரு ப்ளைவுட் பலகையை, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் நிற்கும்படி யூனிட்டோடேயே திருகிப் பொருத்தலாம். டிவி அந்தப் பலகையில் தொங்கும், வயர் அதன் பின்னால் இறங்கும். எடை முழுக்க மேலே போவதால், பலகை 18 மி.மீ. இருக்கட்டும், பின்னால் நெடுக்குச் சட்டங்கள் இரண்டு கொடுங்கள். யூனிட் முன்னால் சாயாமல் இருக்கச் சுவரில் இரண்டு எல் கிளாம்ப் அடிக்க மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு காலி செய்யும்போது அந்த ஓட்டைகளுக்குக் கொஞ்சம் பட்டி வைத்தால் போதும்.