குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாரை குடோன் மேனேஜர் ஆக்கும் மெயில்: கேள்வி பதில்

அண்ணே, 24 வருஷம் ராணுவம், கடைசி 4 வருஷம் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஏற்றுமதி கம்பெனியில குடோன் மேனேஜர் வேலைக்கு மெயில் போட்டேன். ஒரு பதிலும் இல்ல.

தம்பி, உன் மெயிலைப் பார்த்தேன். முதல் வரியிலேயே சிக்கல். 'கம்பெனி' என்றால் நமக்கு சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவு. படிக்கிறவருக்கு ஏதோ தனியார் நிறுவனம். 'குவார்ட்டர்ஸ்' பார்த்துக்கொண்ட ஆள் என்று நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் பொருள் இப்படி இருக்கட்டும்:

"சுமார் 100 பேருக்கான உடை, படுக்கை, கருவிகளின் வரவு, வழங்கல், இருப்புக் கணக்கை 4 ஆண்டு பார்த்தேன். என் கீழ் 3 பேர். ஒரு வருடாந்திர இருப்புச் சோதனையில் 14 போர்வை குறைந்தது. வழங்கல் சீட்டுகளைப் புரட்டி, இரண்டு நாளில் பதிவு விடுபட்டதைக் கண்டுபிடித்தேன்."

போர்வைக் கதை நீ போனில் சொன்னதுதான், மெயிலில் விட்டுவிட்டாய். குடோன் முதலாளிக்கு வேண்டியதே அதுதான். பதவிப் பெயரைக் கடைசியில் ஒரு வரியில் போடு, போதும்.

'கொள்முதல் அனுபவம்' என்று எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. நீ போட்டது இண்டென்ட், அதாவது என்ன வேண்டும் என்று கேட்கும் சீட்டு. விலை பேசி வாங்கியது வேறு யாரோ. நேர்காணலில் "சப்ளையரிடம் எப்படி விலை குறைப்பீங்க?" என்று கேட்டால் மாட்டிக்கொள்வாய். ஜிஎஸ்டி, இ-வே பில் தெரியாதென்றால் அதை ஒளிக்காதே. பழகிக்கொண்டிருந்தால் மட்டும் அப்படி எழுது.

ராணுவத்துல 15 வருஷ சர்வீஸுக்குக் கொடுக்கிற சான்றிதழ் டிகிரிக்குச் சமம்தானே? 'பட்டதாரி'ன்னே போட்டுட்டேன்.

பாதி சரி. பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டு பணி செய்தவருக்குக் கிடைக்கும் அந்தச் சான்றிதழ் மத்திய அரசின் குரூப் சி வேலைகளுக்குச் செல்லும். தனியார் நிறுவனம் ஏற்கவேண்டுமென்று கட்டாயமில்லை. சான்றிதழின் பெயரை அப்படியே எழுதுங்கள், 'பட்டதாரி' வேண்டாம்.

நான் ஆயுதக் கோத், அதாவது துப்பாக்கி வைக்கிற கிடங்கு பார்த்தவன். எத்தனை துப்பாக்கின்னு எழுதினாத்தானே மதிப்பு?

எழுதவே கூடாது சார். ஆயுத எண்ணிக்கை, பிரிவு இருந்த இடம் இரண்டும் மெயிலில் வரக்கூடாது. "தினமும் எண்ணிச் சரிபார்க்கும், பூட்டுச்சாவிக் கட்டுப்பாடுள்ள கிடங்கு, பொறுப்பை ஒப்படைக்கும்போது கணக்கில் வித்தியாசம் இல்லை" என்றால் போதும். ஹேண்டிங் டேக்கிங்கை வெளியாளுக்கு அப்படித்தான் சொல்லமுடியும்.

எங்கப்பாவுக்குச் செக்யூரிட்டி வேலைதான் கிடைக்கும்னு நாகர்கோவில்ல எல்லாரும் சொல்றாங்க. பென்ஷன் வருதுன்னு மெயில்ல எழுதலாமா?

செக்யூரிட்டி பற்றி இங்கே பேச்சில்லைம்மா, அப்பா என்ன பொறுப்பு பார்த்தார் என்று எழுதி அனுப்பு. பென்ஷனை நான் எழுதமாட்டேன், சம்பளத்தைக் குறைக்கக் காரணமாகிவிடும். என் நண்பர் ஒருவர் எழுதித்தான் வேலை வாங்கினார், "அவசரப்பட்டு ஓடமாட்டார்" என்று முதலாளி நம்பினாராம். எங்களுக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.