தலைப்புகளை மட்டும் படித்தால் விஷயம் புரிகிறதா?

சமையலறைக் கழிவில் உரம் செய்வது பற்றி நீளமான வழிகாட்டி எழுதியிருக்கிறேன். முன்னுரை, தேவையானவை, செய்முறை, பராமரிப்பு, பிரச்சினைகள், அறுவடை என ஆறு தலைப்புகள். சரிதானா?

இந்த ஆறையும் அப்படியே கோழி வளர்ப்புக்கு வைத்தாலும் பொருந்தும். உரத்தைப் பற்றி இவற்றில் ஒரு சொல்கூட இல்லை. ஒவ்வொரு பகுதியையும் படித்துவிட்டு, வாசகர் இதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப்போவதென்றால் எதை என்று பாருங்கள். அதுதான் தலைப்பு. நான் மாற்றிப் பார்த்தேன்:

துளையிட்ட தொட்டியும் காய்ந்த இலையும் போதும்
ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு இலை
வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள்
நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், இலை சேருங்கள்
கறுத்து மண்வாசம் வந்தால் உரம் தயார்

முன்னுரைக்குத் தலைப்பே வேண்டாம்; நேராக ஆரம்பியுங்கள். இந்த ஐந்து வரியை மட்டும் படித்தவர்கூடத் தொட்டி வைக்கத் தொடங்கிவிடலாம். ஒரு பகுதியை எப்படி முயன்றும் ஒரு வரியில் சொல்ல முடியவில்லையா? அதற்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. தலைப்போடு மல்லுக்கட்டாமல் பகுதியை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

தலைப்பைக் கேள்வியாக வைக்கலாமா?

வாசகர் மனதில் அதே கேள்வி இருந்தால் வைக்கலாம். "ஏன் நாற்றம் வருகிறது?" என்று தேடி வருபவருக்கு அது உடனே கண்ணில் படும். ஆனால் எல்லாமே கேள்வி என்றால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குக் கேள்விகள் மட்டும்தான் மிஞ்சும், பதில் ஒன்றும் கிடைக்காது.

கைப்பேசியில் என் தலைப்புகள் பாதியில் வெட்டுப்படுகின்றன.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்தச் சிக்கல் நமக்குக் கொஞ்சம் கூடுதல். "மழைக்காலத்தில் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடாமல் இருக்க மூடி போடுங்கள்" என்பது வெட்டுப்பட்டால், என்ன செய்யச் சொன்னீர்கள் என்பதே போய்விடும். "மழைக்கு மூடி போடுங்கள்" போதும். காரணத்தைப் பத்தியில் சொல்லுங்கள்.

துணைத்தலைப்பு எப்போது தேவை?

ஒரு பகுதிக்குள் குறைந்தது இரண்டு பிரிவு இருந்தால். ஒன்றே ஒன்று என்றால் அது தலைப்புக்குள் அடங்கிவிடும். நாற்றம், புழு, எறும்பு என மூன்று தொல்லைகள் என்றால் மூன்று துணைத்தலைப்பு. மூன்றும் ஒரே அமைப்பில் இருக்கட்டும்: தொல்லை முன்னால், தீர்வு பின்னால்.

அப்புறம், எழுத்தைத் தடிமனாக்கி அதையே தலைப்பாக விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தலைப்பு போலத் தெரியும், ஆனால் திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிக்கும் பார்வையற்றவருக்கு அது இல்லாததுபோலத்தான். வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் `Ctrl+Alt+2` அழுத்தினால் அந்த வரி Heading 2 ஆகிவிடும். அதன்பின் பக்கவாட்டில் தலைப்புப் பட்டியலைத் திறந்து, கட்டுரையைப் படிக்காத ஒருவரிடம் அதை மட்டும் காட்டி, என்ன புரிந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்துத் தலைப்பைத்தான் மாற்ற வேண்டும்.