சேனல் 100-இல் வைத்தால் வைஃபை ஏன் காணாமல் போகிறது

"லைன் நல்லா இருக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் நினைச்ச நேரத்துல போயிடுது. ரூட்டர் கெட்டுப்போச்சா?"

ரூட்டரை மாற்றிவிடாதீர்கள். 2.4 அப்படியே இருக்க, 5 கிகாஹெர்ட்ஸின் பெயரே போனில் மறைகிறது என்றால் முதலில் சேனலைப் பாருங்கள். நான் இதோடு மூன்று மாதம் மல்லுக்கட்டியவன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம், சுற்றிலும் செம்பனை. மகள் எஸ்பிஎம் டியூஷனில் இருக்கும்போது வைஃபை ஒரு நிமிடம் போய் வரும், அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து மறுபடி போனால் பத்து நிமிடம் வராது. இணையச் சேவைக்காரர்களைக் கேட்டால், "பாக்சிக், மரம் மறைக்குது" என்றார்கள். வீட்டு வாசல் வரை ஃபைபர் வருகிறது, அதை எந்த மரம் மறைக்கும்? தோட்டத்து ஆள் எதைச் சொன்னாலும் நம்புவான் என்ற நினைப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தாலும் இதே கதைதான்.

கடைசியில் ரூட்டரின் பதிவுப் பக்கத்தில் இந்த வரி கிடைத்தது:

```
DFS-RADAR-DETECTED freq=5500
```

ரேடார் துடிப்பைக் கேட்டதாக ரூட்டர் எழுதி வைத்த வரி இது. 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்களை வைஃபையும் ரேடாரும் பகிர்ந்துகொள்கின்றன. 5500 மெகாஹெர்ட்ஸ் என்பது நான் வைத்திருந்த சேனல் 100. வானிலை ரேடார் இருப்பது 120, 124, 128-இல்தானே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரிதான், ஆனால் நான் சேனலின் அகலத்தை 160 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்திருந்தேன். அப்போது அது 5490-இல் தொடங்கி 5650 வரை பிடித்துக்கொள்ளும். வானிலை ரேடாரின் 5600 முதல் 5650 வரை முழுசாக அதற்குள் வந்துவிடுகிறது.

ரேடார் துடிப்பு என்று ரூட்டர் நினைத்துவிட்டால், பத்து நொடிக்குள் அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும், 30 நிமிடம் திரும்பி வரக் கூடாது. என் ரூட்டர் 36-க்குத் தாவும். 160 அகலத்தில் அங்கேயும் ரேடாருக்கும் உரிய 52 முதல் 64 வரை சேர்ந்துவிடுவதால், ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுப் பார்க்கும். அப்புறம் தடை முடிந்ததும் நான் குறித்த 100-க்கே திரும்பப் பார்க்கும். வானிலை ரேடார் பகுதிக்கு ஐரோப்பிய விதி பத்து நிமிடம் கேட்கச் சொல்கிறது, என் ரூட்டர் அந்த விதிப்படி நடப்பது. மகளின் வகுப்பு போனது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

நேரம் காலம் இல்லாமல் நடப்பதற்கும் காரணம் உண்டு. ரேடார் கற்றை சுற்றிக்கொண்டே இருக்கும், துடிப்போ மிகக் குறுகியது, ரூட்டர் தான் அனுப்பாத இடைவெளியில் மட்டுமே அதைக் கேட்க முடியும். ரேடாரே இல்லாமல் வேறு அலையை ரேடார் என்று தப்பாக எடுத்துக்கொள்வதும் உண்டு. என் வீட்டில் எது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. இரண்டுக்கும் ரூட்டர் செய்வது ஒன்றுதான்.

சேனல் 36, அகலம் 80 என்று மாற்றினேன். அது 48-உடன் நின்றுவிடும், ரேடார் சோதனையே கிடையாது. உச்ச வேகம் குறையும், எங்கள் 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு அது தெரியவே இல்லை. ரூட்டர் அமைப்பில் நாட்டை மாற்றிப் போட்டு ரேடார் சோதனையை ஏமாற்றச் சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம். அந்த வைஃபை அலை வானிலை ரேடார் படத்தில் பொய்க் கோடாக விழும். மழையைப் பார்த்துக் குலை வெட்டப் போகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

36-லும் அறுந்தால் பதிவில் ரேடார் வரி இருக்காது. அப்போது வேறு கோளாறைத் தேடுங்கள்.