ஜெர்மனி அண்ணாட்ட கீபோர்ட் கேட்டு எழுதேக்க

"பெரியம்மாட மகன் ஜெர்மனியில இருந்து தை மாசம் யாழ்ப்பாணம் வாறார். கம்பஸ் வேலைக்கு சின்ன வயர்லெஸ் கீபோர்ட் ஒண்டு கேட்டு எழுதோணும், என்னெண்டு எழுதுறது?"

கூச்சப்படாம கேளுங்கோ, ஆனா "சின்ன கீபோர்ட் ஒண்டு" எண்டு மட்டும் எழுதிப் போடாதேங்கோ. அங்க கடையில கூடுதலா கிடக்கிறது ஜெர்மன் லேஅவுட், ஒய் இருக்கிற இடத்தில இசட் இருக்கும், { அடிக்க ஆல்ட்ஜிஆரோட 7 அமத்தோணும். எனக்கு மாமா ஒருக்கா அப்பிடி ஒண்டு கொண்டு வந்து, லப்டொப் செட்டிங்க்ஸ்ல யூஎஸ் எண்டு மாத்தினாப் பிறகு எழுத்து சரியாத்தான் விழுந்தது, ஆனா கீயில அச்சடிச்சிருக்கிறது வேற, நான் கீயைப் பாத்து அடிக்கிற ஆள், அசைன்மென்ட் முடியுறதுக்குள்ள தலை சுத்திப் போச்சு.

மற்றது சைஸ். முழுக் கீபோர்ட்டில 60% சைஸ் எண்டு விக்கிறதில பெரும்பாலும் ஆரோ கீயும் இல்ல, மேல எஃப் வரிசையும் இல்ல, எக்செல்ல எஃப்2 தட்ட ரெண்டு கீ அமத்தோணும். 75% எண்டா ரெண்டும் இருக்கும், பாக்குக்குள்ளயும் போகும். கம்பஸ் லாப் கம்பியூட்டர்ல புளூடூத் இல்லாட்டி யூஎஸ்பியில குத்துற டொங்கிள் வேணும், அதால ரெண்டும் உள்ளதா கேளுங்கோ.

இப்பிடி எழுதலாம்:

"அண்ணா, சுகமா இருக்கிறியளா? வரேக்க எனக்கு ஒரு வயர்லெஸ் கீபோர்ட் கொண்டு வர ஏலுமா? 75% சைஸ், யூஎஸ் இங்கிலீஷ் லேஅவுட், புளூடூத்தும் யூஎஸ்பி டொங்கிளும் ரெண்டும் உள்ளது. ஜெர்மன் எழுத்து உள்ளது வேண்டாம். கடையில இல்லாட்டி ஒன்லைன்ல தான் ஓர்டர் பண்ணோணும், அதால கொஞ்சம் முன்னமே பாருங்கோ. விலையைச் சொல்லுங்கோ, அம்மா காசு தாறாவாம்."

விலை வரியை வெட்டிப் போடாதேங்கோ, அவர் காசு வாங்க மாட்டார் எண்டாலும். பற்றறி உள்ள சாமான், கைப் பாக்கில வைக்கச் சொல்லுங்கோ.