பட்டும் கம்பளியும் எந்தப் பவுடரில்?

கேள்வி: சாதாரண பட்டுப்புடவை ஒன்றையும் பருத்திச் சட்டைகளையும் ஒரே சலவைப் பவுடரில் இரவு முழுக்க ஊறவைத்தேன். சட்டைகள் பளிச்சென்று ஆகிவிட்டன. புடவையோ மங்கிப்போய், மடிப்புகளில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கிறது. விலை உயர்ந்த பவுடர்தான். பிறகு ஏன் இப்படி? இனி எதை வாங்குவது?

பதில்: பட்டும் கம்பளியும் புரத இழைகள். பருத்தியோ செல்லுலோஸ், அதாவது சர்க்கரைக் கூறுகள் கோத்த சங்கிலி. இரத்தம், பால், முட்டைக் கறைகளும் புரதமே. அவற்றைத் துண்டு துண்டாக வெட்டத்தான் பவுடரில் புரோட்டியேஸ் என்ற என்சைமைச் சேர்க்கிறார்கள். கறைப் புரதம் எது, பட்டுப் புரதம் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. செல்லுலோஸை அது தொடுவதில்லை. அதனால்தான் சட்டை தப்பியது.

என்சைம் வேலை செய்ய நேரம் வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்தது அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டது. நுண்ணிழைகள் பிரிந்து நிற்கும்போது, உரசல் படும் மடிப்புகளில் வெளுத்த கோடாகத் தெரியும்.

இரண்டாவது காரணம் காரம். பவுடரில் சலவைச் சோடா இருப்பதால் கரைசலின் pH பெரும்பாலும் 10-க்கு மேல் போகும். பருத்தி அதைத் தாங்கும். பளபளப்புக்காக ஆலையில் அதைக் கடும் காஸ்டிக் சோடாவிலேயே முக்குவதுண்டு. பட்டில் பெரும்பாலும் அமிலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிடிப்பைக் காரம் தளர்த்துவதால் சாயம் இறங்குகிறது. கம்பளிக்குச் சேதம் இன்னும் ஆழமானது: அதன் வலிமைக்குக் காரணமான கந்தகப் பிணைப்புகளைக் காரம் உடைக்கிறது. கம்பளி மஞ்சளித்து, சொரசொரப்பாகி, எளிதில் நைந்துபோகும். கொதிக்கும் 5% காஸ்டிக் சோடாவில் கம்பளி முழுதாகவே கரைந்துவிடும். ஜவுளி ஆய்வகங்களில் இழையை அடையாளம் காணும் சோதனையே இதுதான்.

வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். விலை கூடிய பவுடர்களில்தான் என்சைம் இருக்க வாய்ப்பு அதிகம். திரவம் என்றாலே மென்மை என்பதும் தவறு. காரம் குறைந்த திரவத்திலும் புரோட்டியேஸ் இருக்கலாம். உறையில் பட்டுக்கும் கம்பளிக்கும் உகந்தது என்றும், நடுநிலை pH என்றும், என்சைம் இல்லை என்றும் இருக்க வேண்டும். 'கறை நீக்கும் என்சைம்' என்றிருந்தால் பருத்திக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துவைக்கும்போது 5 லிட்டர் குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி திரவம் போதும். 3 முதல் 5 நிமிடம் மெதுவாக அமுக்கி எடுத்து, இரண்டு மூன்று முறை அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். முதலில் உள்மடிப்பு ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ட்ரை கிளீனிங்குக்குக் கொடுங்கள். கனத்த ஜரிகைப் புடவைக்கு எப்போதும் அதுவே நல்லது.

இப்போதுள்ள புடவையில் ஜரிகை இல்லையென்றால், 5 லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து ஒருமுறை அலசிப் பாருங்கள். தங்கிய காரம் நீங்கி, விறைப்பு கொஞ்சம் குறையலாம். வெள்ளைக் கோடுகள் மறையாது; அறுந்த இழையை ஒட்டவைக்க வழியில்லை.