வாடகையில் ரிப்பேர் செலவைக் கழிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: சமையலறைக் குழாயில் வாஷர் போய்விட்டது. 300 ரூபாய் ஆனது. வாடகையில் பிடிக்கலாமா? (ஆவடி)

கூடாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் குழாய், வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. பைப் மாற்றுவது, வயரிங், சுவர், கூரை வீட்டுக்காரர் கணக்கு. முதலில் அக்ரிமெண்டை எடுத்துப் படியுங்கள்.

கே: குளியலறைச் சுவருக்குள் பைப் கசிந்து படுக்கையறை வரை ஊறிவிட்டது. ஓனரிடம் நாலு தடவை போனில் சொல்லியும் "பார்க்கலாம்" என்கிறார். வாடகை 14,000. பிளம்பர் 9,500 கேட்கிறார். அடுத்த மாதம் 4,500 மட்டும் அனுப்பட்டுமா? (தாம்பரம்)

அனுப்பாதீர்கள். இதே தப்பை மாதத்துக்கு ஒருவராவது செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள், எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. போனில் சொன்னது நோட்டீஸ் இல்லை. நாளைக்கு ஓனர் "எனக்குத் தெரியவே தெரியாது, இவர் வாடகை பாக்கி வைத்திருக்கிறார்" என்றால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? செலவைக் கழிக்கும் உரிமை 1882 சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இருக்கிறது, ஆனால் நோட்டீஸ் கொடுத்து நியாயமான அவகாசம் விட்ட பிறகுதான்.

அதனால் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த இடத்தில் கசிவு, எந்தெந்தத் தேதிகளில் சொன்னீர்கள், பிளம்பர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு எவ்வளவு என்று போட்டுவிட்டு, "இக்கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நானே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்வேன்" என்று முடியுங்கள். கோபமெல்லாம் அதில் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள், வாட்ஸ்அப்பிலும் ஒரு பிரதி போடுங்கள். சுவரை உடைப்பதற்கு முன்னும் உடைத்த பிறகும் போட்டோ எடுங்கள். ஓட்டை விழுந்த பைப்பைத் தூக்கிப் போடாதீர்கள்.

கழிப்பதிலும் நிதானம் வேண்டும். 2021 மாதிரி வாடகைச் சட்டம் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் பிடிக்க விடுவதில்லை. அது மத்திய அரசின் மாதிரிதான் என்றாலும் நீங்களும் அந்தக் கோட்டுக்குள் நில்லுங்கள். முதல் மாதம் 7,000 பிடித்து மீதி 7,000 கட்டுங்கள், அடுத்த மாதம் 2,500 பிடித்து 11,500 கட்டுங்கள். இரண்டு முறையும் பில் நகலோடு கணக்கை எழுதி அனுப்புங்கள், வாடகையும் வங்கி வழியாகவே போகட்டும். மதிப்பீட்டைத் தாண்டிப் புது டைல்ஸ் போட்டுக்கொண்டு அதையும் சேர்த்தால் நான் பொறுப்பல்ல.

கே: கழித்தால் தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார். (மதுரை)

நிறுத்த முடியாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். நோட்டீஸ் அனுப்பினீர்களா என்று எழுதவே இல்லையே?

கே: அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். சரியா? (கோவை)

அவர் அதை எழுதிக் கொடுத்தால் சரி. வாய்ப்பேச்சு என்றால் காலி செய்யும் நாளில் மறந்துவிடுவார்.